மலையா, கடலா, மணலா? ஒரு மே மாதக் கணக்கு

கத்திரி வெயில் தொடங்கும் மே முதல் வாரத்தில் சென்னையின் பல வீடுகளில் ஒரே வாக்குவாதம்தான் நடக்கும். அப்பாவுக்கு வெள்ளிக்கிழமை ஒருநாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. வியாழன் இரவு கிளம்பினால் திங்கள் காலை வேலைக்குத் திரும்பிவிட வேண்டும். பாட்டி ஊட்டி என்கிறார். ஒன்பது வயதுப் பையனுக்குக் கடலில் ஆட வேண்டும். அது புதுச்சேரியானாலும் சரி, மகாபலிபுரமானாலும் சரி. அம்மாவின் செல்போனில் இரண்டு நாளாக ஒரு விளம்பரம் சுற்றிச் சுற்றி வருகிறது: ஜெய்சல்மேர் மணல்மேட்டில் கூடாரம், ஒட்டகச் சவாரி, இரவு நாட்டுப்புற நடனம், எல்லாம் பாதி விலையில்.

இந்த மூன்றையும் எப்படி ஒப்பிடுவது? பெரும்பாலானோர் இரண்டு எண்களைத்தான் பார்க்கிறார்கள். ஒன்று அறை வாடகை, இன்னொன்று செல்போன் காட்டும் வெப்பநிலை. இரண்டுமே பாதிதான் சொல்கின்றன. அறை மலிவாக இருந்து வழியிலேயே இரண்டு பகல் போய்விட்டால் அது மலிவான பயணமில்லை. 36 டிகிரி என்று செல்போன் காட்டுவது எல்லா ஊரிலும் ஒரே 36 டிகிரியும் இல்லை.

இதற்குப் பதிலாக வேறொரு எண்ணைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். போன ஊரில், வெயிலுக்கும் நெரிசலுக்கும் அஞ்சாமல் வெளியே நடமாட எத்தனை மணிநேரம் கிடைக்கும் என்பதுதான் அது. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று பகல்களையும் காலை 6 மணி முதல் இரவு 9 மணி வரை எடுத்துக்கொண்டால் மொத்தம் 45 மணிநேரம் வருகிறது. அதில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று மேலே சொன்ன குடும்பத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால், விளம்பரத்தில் தெரியாத பல விஷயங்கள் தெரியவரும்.

அதற்கு முன் வெப்பத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

மண்பானைத் தண்ணீர் ஏன் சில்லென்று இருக்கிறது? பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, மிச்சமிருக்கும் நீரின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. மனித உடம்பும் இப்படித்தான் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. கசிவதற்குப் பதில் வியர்க்கிறது. ஆனால் வியர்த்தால் மட்டும் போதாது, வியர்வை காய வேண்டும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அது காயாமல் முதுகில் வழிந்து சட்டையை நனைத்துக்கொண்டிருக்கும், உடம்பு குளிராது. பள்ளிப் பாடத்தில் ஈரக்குமிழ் வெப்பமானி என்று படித்தது நினைவிருக்கலாம். வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி வைத்து, நீர் ஆவியாவதால் எவ்வளவு தூரம் குளிர முடியும் என்று பார்ப்பது அது. வியர்வை உடம்பைக் குளிர்விக்கக்கூடிய எல்லை எது என்பதையும் அந்த அளவு ஏறத்தாழக் காட்டிவிடும்.

மே மாத நண்பகல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஊட்டியில் 22 டிகிரி, காற்றில் ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் அளவு 17, 18 டிகிரி வரும். புதுச்சேரியில் 36 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் அது 29 டிகிரி. ஜெய்சல்மேரில் 42 டிகிரி, ஈரப்பதம் 15 சதவீதம் என்றால்? வெறும் 22 டிகிரிதான். அதாவது வியர்வை காய்வதை மட்டும் வைத்துப் பார்த்தால், 42 டிகிரிப் பாலைவனம் 36 டிகிரிக் கடற்கரையைவிட நல்லது!

இதைப் படித்துவிட்டு யாரும் ஜெய்சல்மேருக்கு டிக்கெட் போட்டுவிட வேண்டாம். இந்தக் கணக்குக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. மனிதத் தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி. காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரைதான் வீசும் காற்று நம்மை ஆற்றும். 42 டிகிரிக் காற்று வீசினால் அது உடம்புக்குள் வெப்பத்தை ஏற்றுகிறது. ராஜஸ்தானில் கோடைப் பகலில் வீசும் அந்த அனல்காற்றுக்கு 'லூ' என்று பெயர். தலைக்கு மேலே வெயில், காலடியில் கொதிக்கும் மணல், பக்கவாட்டில் லூ என்று மூன்று பக்கமும் வெப்பம் ஏறும்போது, அத்தனையையும் வியர்வை ஒன்றே வெளியேற்றியாக வேண்டும். வெயிலில் நடந்தால் ஒரு மணிநேரத்தில் ஒரு லிட்டர் தண்ணீர்கூட உடம்பைவிட்டுப் போய்விடும். வியர்வை உடனுக்குடன் காய்ந்துவிடுவதால் வியர்ப்பதே தெரியாது என்பதுதான் இதில் ஆபத்து. சென்னைக்காரர் சட்டை நனைவதை வைத்துத்தான் தண்ணீர் குடித்துப் பழகியவர். அங்கே சட்டை நனையாது. தலைவலியும் மயக்கமும் வந்த பிறகுதான் உறைக்கும்.

ஊட்டியின் கணக்கைப் பார்க்கலாம். கோயம்புத்தூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி சுமார் 2,240 மீட்டரில். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. கோவையில் 36 என்றால் ஊட்டியில் 24 இருக்கலாம் என்று வீட்டிலிருந்தே சொல்லிவிடலாம். இதே கணக்கை மற்ற மலைகளுக்கும் போட்டுப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் 'மலைவாசஸ்தலம்' என்ற பெயர் மட்டுமே குளிரைத் தந்துவிடாது. ஏலகிரியின் உயரம் சுமார் 1,100 மீட்டர். அடிவாரத்திலிருந்து ஏறக்குறைய 700 மீட்டர்தான் ஏறுகிறோம். திருப்பத்தூர்ப் பக்கம் 40 டிகிரி கொளுத்தும் நாளில் மேலே 35 இருக்கும். டிசம்பரில் அழகான மலைதான். மே நண்பகலில் அங்கேயும் மின்விசிறிக்கு அடியில்தான் உட்கார வேண்டும். சுமார் 1,500 மீட்டரில் இருக்கும் ஏற்காடு இதைவிடத் தேவலை. குன்னூர் சுமார் 1,850 மீட்டர். கோடையில் பகல் முழுவதும் வெளியே நடமாட வேண்டுமென்றால் இந்த உயரத்திலிருந்து மேலே தேடுவது நல்லது.

நம் குடும்பத்துக்கு வசதியான வழி, சென்னை சென்ட்ரலிலிருந்து இரவில் கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ். தூங்கி எழுந்தால் விடியற்காலையில் மேட்டுப்பாளையம். பயணத்தின் பெரும்பகுதி தூக்கத்தில் கழிந்துவிடுகிறது. பகல் மணிநேரம் வீணாவதில்லை. ஏழு மணியளவில் அங்கிருந்து மலை ரயில் புறப்படும். குன்னூர் வரை 1899-லும் ஊட்டி வரை 1908-லும் ஓடத் தொடங்கிய இந்தப் பாதைக்கு 2005-ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம் என்ற தகுதி கிடைத்தது. 46 கிலோமீட்டரை ஏற ஏறக்குறைய ஐந்து மணிநேரம் ஆகும். தண்டவாளத்தின் நடுவே பதித்த பல்சட்டத்தைப் பற்சக்கரத்தால் கவ்விக்கொண்டு ஏறும் ரயில் அது. வேகத்துக்காக யாரும் அதில் போவதில்லை. கல்லாறு தாண்டியதும் ஜன்னலோரத்துக்கு நடக்கும் சண்டையே இந்தப் பயணத்தின் பாதி சுகம். ஆகவே அந்த ஐந்து மணிநேரத்தைச் செலவுக் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. டிக்கெட் கிடைக்காவிட்டால் பேருந்தில் ஏறலாம். நெரிசல் இல்லாவிட்டால் இரண்டு, இரண்டரை மணிநேரம்.

எப்படிப் போனாலும் வெள்ளி நண்பகலில் ஊட்டியில் இருக்கலாம். அன்று எட்டு மணிநேரம், சனிக்கிழமை பதின்மூன்று, ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு இறங்கத் தொடங்கும்வரை எட்டு என்று மொத்தம் 29 மணிநேரம் கிடைக்கிறது. வெயில் ஒரு தடையே இல்லை. (உயரத்தில் புற ஊதாக்கதிர் அதிகம் என்பதால் குளிர்கிறதே என்று தொப்பியில்லாமல் சுற்றுகிறவர்களுக்கு மாலையில் முகம் எரியும். அது வேறு கதை.) பிற்பகலில் இடியுடன் கோடை மழை வரலாம். அதோடு நெரிசலும் சேர்ந்து ஐந்து மணிநேரத்தைத் தின்றுவிடும் என்று வைத்தால் கையில் மிஞ்சுவது 24.

அந்த ஐந்து, பத்தாகிவிடும் நாட்களும் உண்டு. மே மாதத்தில் 1848-ல் தொடங்கிய அரசு தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி நடக்கும். அந்த நாட்களோடு வாரயிறுதியும் சேர்ந்தால் சேரிங் கிராஸைத் தாண்டுவதே ஒரு பயணம். நெரிசல் எவ்வளவு முற்றியது என்பதற்கு நீதிமன்றமே சாட்சி. சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் போக இ-பாஸ் கட்டாயமானது. அடுத்த ஆண்டு கோடையில் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது. நீலகிரிக்கு வாரநாளில் 6,000 வண்டி, வாரயிறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு வாரநாளில் 4,000, வாரயிறுதியில் 6,000. சொந்தக் காரில் போக நினைப்பவர் epass.tnega.org தளத்தில் பாஸ் எடுத்துக் கையில் வைத்துக்கொண்ட பிறகே அறைக்கு முன்பணம் கட்ட வேண்டும். வரிசையை மாற்றிச் செய்தவர்களைத்தான் சோதனைச் சாவடியில் வாதாடிக்கொண்டிருக்கப் பார்க்கலாம். அரசுப் பேருந்திலும் ரயிலிலும் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. நீலகிரிப் பதிவெண் கொண்ட உள்ளூர் டாக்சிகளுக்கும் இல்லை.

காரில் போகிறவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். சீசனில் வழக்கமாக ஒருவழிப் போக்குவரத்து இருக்கும். ஏறுவது குன்னூர் வழியாக, இறங்குவது கோத்தகிரி வழியாக. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. வயிற்றைப் புரட்டும் பழக்கம் உள்ள பாட்டியை முன் சீட்டில் உட்கார வைப்பது நல்லது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டம் முழுவதும் தடை உண்டு. எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோனால் வழியில் குடிநீர் ஏடிஎம்களில் நிரப்பிக்கொள்ளலாம்.

புதுச்சேரிக் கணக்கு இன்னும் சுருக்கம். ஈசிஆர் வழியாக சுமார் 150 கிலோமீட்டர், மூன்று மூன்றரை மணிநேரம். டிக்கெட்டும் பாஸும் வேண்டாம். வெள்ளி விடிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் எட்டரைக்கு இட்லி சாப்பிடலாம். பயணத்தில் கரையும் நேரம் இங்கேதான் மிகக் குறைவு. ஆனால் கடற்கரை ஊரில் நேரத்தைத் தின்பது பயணமில்லை, நண்பகல். காலை ஒன்பதரை மணிக்கு மேல் மணலில் கால் வைக்க முடியாது. மாலை நாலரைக்குத்தான் மறுபடி வெளியே வரலாம். காலையில் மூன்றரை மணிநேரம், மாலையில் நாலரை என்று ஒரு நாளில் எட்டு மணிநேரம்தான். வெள்ளி மாலை, சனி முழுவதும், ஞாயிறு காலையும் மாலையும் என்று கூட்டினால் ஏறக்குறைய 20. மிச்ச நேரம் ஏசி அறையில். அதனால் கடற்கரை ஊரில் அறைக்குக் கொஞ்சம் கூடச் செலவழிப்பது வீணில்லை. நாளின் பாதி அங்கேதான் கழியப்போகிறது. ஊட்டியிலோ அறை என்பது படுத்து எழ மட்டும்.

இந்த 20 கடற்காற்றை நம்பியிருக்கிறது. பகலில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகிறது. நிலத்தின் மேல் இருக்கும் காற்று மேலெழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று உள்ளே வருகிறது. வழக்கமான நாளில் நண்பகல் வாக்கில் அது வந்துவிடும். வெப்பம் அத்தோடு ஏறாமல் நின்று இரண்டு மூன்று டிகிரி இறங்கும். மே கடைசியிலும் ஜூனிலும் மேற்கிலிருந்து வீசும் தரைக்காற்று வலுத்துவிட்டால், அது கடற்காற்றைக் கரைக்கே வரவிடாமல் பல மணிநேரம் தள்ளி நிறுத்தும். அன்றைக்குக் கடற்கரை ஊரும் வேலூரைப் போலவே கொதிக்கும். போவதற்கு இரண்டு நாள் முன்பு வானிலைச் செயலியில் வெப்பநிலையோடு காற்றின் திசையையும் பார்த்தால் இது தெரிந்துவிடும். பிற்பகல் இரண்டு மணிக்குக் காற்று கிழக்கு அல்லது தென்கிழக்கிலிருந்து என்று காட்டினால் கவலையில்லை. மேற்கு என்று காட்டினால் மாலை ஆறு மணி வரை அறையிலேயே இருக்கத் தயாராகப் போக வேண்டும்.

பையனின் ஆசை கடலில் ஆடுவது. இங்கே ஊரைத் தேர்ந்தெடுப்பதைவிடக் கரையைத் தேர்ந்தெடுப்பது முக்கியம். புதுச்சேரி நகரத்தின் புகழ்பெற்ற கடற்கரைச் சாலை பெரும்பகுதி கருங்கல் கொட்டிய கரை. மாலையில் நடக்க அருமையான இடம், குளிக்கும் இடமில்லை. குளிப்பதற்கு உயிர்காப்பாளர் இருக்கும் கரையாகப் பார்த்துப் போக வேண்டும். புதுச்சேரியின் ஈடன் கடற்கரையும் சென்னைக்கு அருகே கோவளமும் நீலக்கொடிச் சான்று பெற்றவை. குளிக்கும் இடத்தின் பாதுகாப்பும் அந்தச் சான்றுக்கான நிபந்தனைகளில் ஒன்று. ஆளில்லாத அழகான கரை என்று படம் பார்த்துப் போவதுதான் ஆபத்து. அலைகள் வரிசையாக உடையும்போது நடுவே ஓரிடத்தில் மட்டும் அலை உடையாமல், நீர் கருத்து, நுரை கடலை நோக்கிப் போவது தெரிந்தால் அங்கே உள்ளிழுக்கும் நீரோட்டம் இருக்கிறது. பார்க்க அமைதியாக இருப்பதால் குழந்தைகளோடு அங்கேதான் இறங்கத் தோன்றும். சிக்கியவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டால் களைத்து மூழ்குவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் சில பத்து மீட்டரில் அதன் பிடியிலிருந்து வெளியே வந்துவிடலாம்.

தென்முனைப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை உண்டு. தொலைவில் இந்தியப் பெருங்கடலின் தெற்கே எழும் பேரலைகள், உள்ளூரில் காற்றே இல்லாத தெளிந்த நாளில் கரையில் வந்து மோதுவதுண்டு. கேரளக் கரையில் அதைக் 'கள்ளக்கடல்' என்கிறார்கள். திருடனைப் போலச் சொல்லாமல் வருவது. கோடை மாதங்களில்தான் இது அதிகம். 2024 மே மாதத் தொடக்கத்தில் இப்படி ஒரு எச்சரிக்கை நடப்பில் இருந்தபோதுதான் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இதற்கான முன்னெச்சரிக்கையைத் தினமும் வெளியிடுகிறது. ஓட்டல் படங்களைப் பார்க்கும் நேரத்தில் ஒரு நிமிடத்தை அதற்குக் கொடுக்கலாம்.

மீன் சாப்பிடவே கடற்கரைக்குப் போகிறவர்களுக்கு ஒரு சின்ன ஏமாற்றம். கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. நாட்டுப் படகுகள் மட்டும் கரையோரமாகப் போய்வரும். மே மாதத்தில் அந்த மீன் குறைவாகவும் விலை கூடவும் இருக்கும். ஓட்டல் தட்டில் பெரிய வஞ்சிரம் துண்டு வந்தால் அது எந்தக் கரையிலிருந்து, எத்தனை நாள் ஐஸில் வந்தது என்று கேட்பதில் தப்பில்லை.

இனி அந்தப் பாதி விலை விளம்பரம். ஜெய்சல்மேரிலிருந்து மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் சம் மணல்மேடுகள். சாலையோரமாக வரிசை வரிசையாகக் கூடாரங்கள். கித்தான் துணிக் கூடாரத்துக்குள்ளேயே கட்டிலும் குளியலறையும் இருக்கும். அந்த ஊருக்கு சீசன் அக்டோபர் முதல் மார்ச் வரை. ஏப்ரல் பிறந்ததும் பல முகாம்கள் மூடிவிடும். திறந்திருப்பவை விலையைக் குறைக்கின்றன. அதில் ஏமாற்று எதுவும் இல்லை. சரக்குக்கேற்ற விலை அவ்வளவுதான்.

சென்னையிலிருந்து போகும் வழிதான் முதல் சிக்கல். ஜெய்சல்மேர் விமான சேவை பெரும்பாலும் குளிர்கால சீசனை நம்பி நடப்பது. மே மாதத்தில் ஜோத்பூர் வரை விமானம், இடையில் ஓரிடத்தில் மாற வேண்டியிருக்கும்; அங்கிருந்து காரில் சுமார் 280 கிலோமீட்டர், ஐந்து மணிநேரம். ரயிலென்றால் ஜோத்பூர் போகவே இரண்டு இரவுக்குப் பக்கத்தில் ஆகிவிடும் என்பதால் மூன்று நாள் விடுப்பில் அந்தப் பேச்சே இல்லை. வெள்ளி விடிகாலை விமானம் ஏறினால் ஜெய்சல்மேர் போய்ச் சேர இரவாகிவிடும். திங்கள் காலை சென்னையில் இருக்க, ஞாயிறு காலையே ஜோத்பூருக்குக் கிளம்ப வேண்டும். நடுவில் மிஞ்சுவது சனிக்கிழமை மட்டும். அன்று காலை ஆறு முதல் ஒன்பது வரை கோட்டை; மாலை ஐந்தரைக்குப் பிறகு மணல்மேடு. ஞாயிறு விடியலில் ஒரு மணிநேரம் மணலில் நடக்கலாம். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய எட்டு மணிநேரம்.

24, 20, 8. மூன்று இடங்களுக்கும் இந்தக் குடும்பத்தின் கணக்கு இதுதான். மொத்தச் செலவை இதனால் வகுத்தால் பாதி விலையின் உண்மை முகம் தெரியும். ஒரு பேச்சுக்கு, ஊட்டிப் பயணத்துக்கு நால்வருக்கும் 36,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு மணிநேரத்துக்கு 1,500. ஜெய்சல்மேர்ப் பயணமும் அதே விகிதத்தில் முடிய வேண்டுமென்றால், நாலு பேரின் விமான டிக்கெட்டும் டாக்சியும் கூடாரமும் சேர்த்து 12,000 ரூபாய்க்குள் அடங்க வேண்டும். விமான டிக்கெட்டில் ஒருவருக்கான பங்குகூட அதில் அடங்குமா என்பதை விளம்பரத்தை மூடிவிட்டுப் பார்த்தால் தெரியும். கூடாரத்தின் வாடகை இந்தச் செலவில் சிறு துண்டு. அதைப் பாதியாக்கினாலும் முழுவதுமாகத் தள்ளினாலும் விடை மாறாது.

பாலைவனத்தில் இரவு குளிரும் என்ற நம்பிக்கையும் மே மாதத்துக்குப் பொருந்தாது. ஜனவரியில் ஜெய்சல்மேரின் இரவு எட்டு டிகிரி வரை இறங்கும், போர்வை போதாது. மே மாத இரவில் விடியும் முன்புதான் 27 டிகிரியைத் தொடும். பகலில் 45-ஐத் தாண்டும் நாட்களும் உண்டு. அருகிலுள்ள பலோடியில் 2016 மே 19 அன்று பதிவான 51 டிகிரி அன்று நாட்டின் உச்சபட்ச சாதனை. மாலையில் புழுதிப் புயல் கிளம்பினால் மணல்மேட்டு அஸ்தமனமும் நடனமும் அன்றைக்கு இல்லை.

இத்தனைக்கும் பிறகு மே மாதத்திலேயே போகிறவர்கள் இருப்பார்கள்; ராஜஸ்தானிலோ அகமதாபாத்திலோ வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்குத் தூரம் ஒரு தடையில்லை. அவர்கள் முகாமுக்குப் போன் போட்டுச் சில கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும். தங்குவது துணிக் கூடாரத்திலா, மண்சுவர் வைத்துக் கூரை வேய்ந்த குடிசையிலா? மண்சுவர் வெப்பத்தை மெல்லத்தான் உள்ளே விடும். துணி உடனே விட்டுவிடும். உள்ளே ஏசியா, கூலரா? சென்னையில் கூலர் என்றால் சிரிப்பார்கள், ஆனால் பானை குளிரும் அதே காரணத்தால் வறண்ட ஊரில் கூலர் நன்றாக வேலை செய்யும். 42 டிகிரிக் காற்றை 26, 27 வரை இறக்கிவிடும். (அதே கூலர் புதுச்சேரியில் 36-ஐ 30 ஆக்கி, அறையையும் ஈரமாக்கிவிட்டு நிற்கும்.) கரண்ட் போனால் கூலரை ஓட்ட ஜெனரேட்டர் உண்டா? புழுதிப் புயல் வந்தால் ஒதுங்கக் கான்கிரீட் அறை இருக்கிறதா? அன்றைக்கு வேறு எத்தனை பேர் தங்குகிறார்கள்? நாலே பேருக்காக நடனக்காரர்கள் வரமாட்டார்கள். முகாமிலிருந்து மணல்மேடு நடக்கும் தூரமா, ஜீப்பில் போகும் தூரமா என்பதும் முக்கியம்; இரண்டாவது என்றால் அந்தக் கட்டணம் தனி. இவற்றுக்கு நேராகப் பதில் வராத முகாமை விட்டுவிடலாம்.

நம் குடும்பத்துக்குத் திரும்பினால், முடிவு கொஞ்சம் மாறிமாறித்தான் வரும். சாதாரண வாரயிறுதியில் ஊட்டி நாலு மணிநேரம் கூடக் கொடுக்கிறது. மலர்க் கண்காட்சி வாரத்தில் அந்த நாலும் போக்குவரத்தில் கரைந்து, புதுச்சேரி முந்திவிடும். ரயில் டிக்கெட் கிடைக்காமல் காரிலேயே ஊட்டிக்குப் போவதென்றால், 550 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட ஒரு பகல் முழுவதும் போய்விடும், அப்போதும் புதுச்சேரிதான். பாட்டிக்கு மூட்டுவலி இருந்து குளிர் ஆகாது என்றால் கடல். சர்க்கரையோ இதய நோயோ இருந்து, உடல் நீர் வற்றினால் ஆபத்து என்றால் பாலைவனம் என்ற பேச்சையே மே மாதத்தில் எடுக்கக் கூடாது. விடுப்பை வெள்ளி முதல் ஞாயிறு என்பதிலிருந்து செவ்வாய் முதல் வியாழன் என்று நகர்த்த முடிந்தால் வேறெந்த யோசனையும் தேவையில்லை. ஊட்டியிலும் நெரிசல் குறையும், புதுச்சேரியிலும் அறை வாடகை இறங்கும்.

அம்மா அந்த விளம்பரத்தை அழித்துவிட வேண்டியதில்லை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஐந்தாறு நாள் கிடைத்தால் கணக்கு தலைகீழாகிவிடும். பகல் 25 டிகிரியில் மணலில் நாள் முழுக்க நடக்கலாம், ஒட்டகத்துக்கும் அது சுகம். அப்போது கூடாரத்துக்கு முழு விலை கொடுப்பதுதான் லாபம்.

இந்த மே மாதத்துக்கு ஊட்டி என்று முடிவானால் முதல் வேலை நீலகிரி எக்ஸ்பிரஸ் டிக்கெட். 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 120 நாளுக்கு முன் இல்லை, 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. மே நடுவில் போக வேண்டியவர்கள் மார்ச் நடுவில், பள்ளித் தேர்வு நடந்துகொண்டிருக்கும்போதே, காலை எட்டு மணிக்கு முன்பதிவு தளத்தைத் திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டும்.